மூன்று சுற்றுச் சோறும் ஒரு கால் தட்டும்

சர்க்கரை நோய் உள்ளவர்களின் சாப்பாட்டைப் பற்றிய எந்த வீடியோவைப் பார்த்தாலும் அந்தத் தட்டுப் படம் வந்துவிடுகிறது. வட்டத்துக்கு நடுவே ஒரு கோடு. ஒரு பாதி முழுக்கக் காய்கறி. மறுபாதியை மீண்டும் இரண்டாக வெட்டி, ஒரு காலில் பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம், இன்னொரு காலில் சோறோ சப்பாத்தியோ வைத்திருப்பார்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் முறை இது. தட்டின் குறுக்களவு 9 அங்குலம் இருக்க வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி. கலோரிக் கணக்கு, அட்டவணை, தராசு எதுவும் வேண்டாம். தட்டைப் பார்த்தாலே அளவு தெரிந்துவிடும் என்பதுதான் இதன் பலம்.

உணவியல் ஆலோசகரான தோழி ஒருவர், தன்னிடம் வரும் குடும்பங்களுக்காக இப்படி ஒரு வீடியோ எடுத்தார். அதற்கு வசனம் எழுதும் வேலை எனக்கு. எழுத உட்காரும் முன்பே அவர் ஒரு சம்பவத்தைச் சொன்னார். ஆலோசனைக்கு வந்த ஓர் அம்மாவிடம் இந்தத் தட்டுப் படத்தைக் காட்டி விளக்கியிருக்கிறார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த அம்மா, “எல்லாம் சரிம்மா, இதுல ரசத்த எங்க ஊத்துறது?” என்றாராம்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி இல்லை இது. தட்டுப் படம் நம் வீட்டு மதியச் சாப்பாட்டில் எங்கே வழுக்குகிறது என்பதை அந்த ஒரு கேள்வி காட்டிவிடுகிறது. படத்தில் இருக்கும் தட்டு ஒரே தடவையில் பரிமாறி முடித்த தட்டு. சாப்பிடப் போவது மொத்தமும் கண்ணெதிரே இருக்கிறது. நம் தட்டு அப்படி இல்லை. முதலில் சோறு விழும், சாம்பார் ஊற்றிச் சாப்பிடுவோம். அது தீர்ந்ததும் மறுபடி சோறு, ரசம். பிறகு இன்னொரு முறை சோறு, மோர் அல்லது தயிர். எந்த நேரத்தில் புகைப்படம் எடுத்தாலும் தட்டில் சோறு கால் பங்குதான் இருக்கும். ஆனால் அந்தக் கால் பங்கு மூன்று முறை வந்து போயிருக்கும்.

ஆகவே எங்கள் வீடியோவின் முதல் காட்சியில் தட்டுக்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு வெறும் கிண்ணத்தில் தொடங்கினோம்.

ஒரு வீட்டு அடுப்படியையே எடுத்துக்கொண்டோம். அப்பா, அம்மா, கல்லூரிக்குப் போகும் மகள், பாட்டி என்று நான்கு பேர். அப்பாவுக்குச் சில ஆண்டுகளாகச் சர்க்கரை, உட்கார்ந்து பார்க்கும் வேலை, மாத்திரை சாப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வழக்கமாகச் சாப்பிடும் அளவுக்கே பரிமாறச் சொன்னோம். ஒரே ஒரு மாற்றம். ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டில் போடும் அதே அளவுச் சோற்றைப் பக்கத்தில் இருக்கும் ஒரு கிண்ணத்திலும் போட வேண்டும். சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. சாப்பாடு முடிந்ததும் கிண்ணத்தைச் சமையலறைத் தராசில் வைத்தோம். 450 கிராம் சோறு இருந்தது.

அந்த எண் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் சொல்லாது என்பதால் அதை அரிசிக்குத் திருப்பிக் காட்டினோம். ரைஸ் குக்கர் வாங்கும்போது கூடவே வரும் பிளாஸ்டிக் குவளை எல்லோர் வீட்டிலும் இருக்கும். அதில் தலை தட்டி அளந்தால் சுமார் 150 கிராம் அரிசி பிடிக்கும். வெந்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு எடையாகும். அதாவது அப்பா ஒரு வேளைக்கு ஒரு முழுக் குவளை அரிசியைச் சாப்பிட்டிருக்கிறார். அரிசியில் நூற்றுக்கு 78 பங்கு போல மாவுச்சத்துதான். ஒரு குவளைக்கு 117 கிராம். குடலில் அது குளுக்கோஸாக மாறி ரத்தத்துக்கு வருகிறது.

தட்டு முறை சொல்லும் கால் பங்கு எவ்வளவு? 9 அங்குலத் தட்டின் ஒரு காலில், குவிக்காமல் விரல் கனத்துக்குப் பரப்பினால் 150 கிராம் சோறு கொள்ளும். அதற்கு 50 கிராம் அரிசி போதும். மாவுச்சத்து சுமார் 40 கிராம். ஆக, அப்பா ஒரு சுற்றுக்கு வாங்கிக்கொள்ளும் சோறுதான் மூன்று சுற்றுக்குமான சோறு. வீடியோவின் மையமே இந்த ஒரு வரிதான். இதை வார்த்தையில் சொல்லாமல் கிண்ணத்தில் காட்டினோம்: அவருடைய பங்கான 150 கிராமை முதலிலேயே கிண்ணத்தில் எடுத்துத் தட்டுக்கு அருகில் வைத்துவிடுவது. அதிலிருந்து சாம்பாருக்குப் பாதி, ரசத்துக்குப் பாதி. மோருக்குச் சோறு கிடையாது. மோரை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடலாம். மோர்ச் சோறு இல்லாமல் சாப்பிட்ட மாதிரியே இருக்காது என்பவர்கள் கிண்ணத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். எப்படிப் பிரித்தாலும் கிண்ணம் காலியானால் சோறு முடிந்தது. பரிமாறுகிறவர் ஒவ்வொரு முறையும் “போதுமா, வேணுமா” என்று யோசிக்க வேண்டியதில்லை. சாப்பிடுகிறவரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

கரண்டிக் கணக்கை வேண்டுமென்றே தவிர்த்தோம். இரண்டு கரண்டி சோறு என்று பல வீடியோக்களில் சொல்கிறார்கள். எந்தக் கரண்டி? குழிக்கரண்டியா, அன்னக்கரண்டியா? சிறியதா, பெரியதா? அன்னக்கரண்டியில் குவித்து எடுப்பதற்கும் மட்டமாக எடுப்பதற்குமே பெரிய வித்தியாசம். வடித்த சோறு, குக்கர் சோறு, குழைந்த சோறு என்று நீரின் அளவும் மாறும். அரிசியில் அளந்தால் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. ஒரு குவளை அரிசியை வைத்து, வெந்த சோற்றைக் கண் அளவில் மூன்று சம பங்காக்கினால் ஒரு பங்கு ஒருவரின் கால் தட்டு. தராசு இல்லாத வீட்டிலும் இதைச் செய்துவிடலாம். ஒரு முறை பிரித்துப் பார்த்து, அந்தப் பங்கு வீட்டில் இருக்கும் எந்தக் கிண்ணத்துக்குச் சரியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால், அன்றிலிருந்து அதுதான் அப்பாவின் சோற்றுக் கிண்ணம்.

அடுத்து, தட்டின் அளவு. நம் வீடுகளில் புழங்கும் விளிம்பு வைத்த எவர்சில்வர் தட்டுகள் பெரும்பாலும் 9 அங்குலத்தைத் தாண்டியவை. படம் எடுத்த வீட்டில் தையல் நாடாவை வைத்து அளந்தபோது 12 அங்குலம் வந்தது. 3 அங்குலம்தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் பரப்பு அப்படிக் கூடுவதில்லை: 12 அங்குலத் தட்டின் கால் பங்கு 9 அங்குலத் தட்டின் பாதியை நெருங்கிவிடும். இதைக் கணக்காகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பெரிய தட்டின் மேல் சின்னத் தட்டைக் கவிழ்த்து வைத்துக் காட்டினோம். சுற்றிலும் மிச்சமிருந்த வளையத்தின் அகலத்தைப் பார்த்தாலே புரிந்துவிடுகிறது.

படம் பிடிக்கும் விதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தட்டு கிராஃபிக்ஸ் மேலிருந்து பார்க்கும் படம். மேலிருந்து பார்த்தால் சோற்றின் பரப்பு தெரியும், உயரம் தெரியாது. விரல் கனத்துக்குப் பரப்பிய சோறும் குன்றாகக் குவித்த சோறும் மேலிருந்து ஒரே மாதிரிதான் இருக்கும்; எடையில் மூன்று மடங்கு வித்தியாசம் வரலாம். அதனால் கேமராவை முதலில் தட்டுக்கு நேர் மேலே வைத்து, அரை, கால், கால் கோடுகளை உண்மையான தட்டின் மீதே விழவைத்தோம். பிறகு அதே தட்டைப் பக்கவாட்டில் இருந்து, கண்மட்டத்துக்கு இறக்கிக் காட்டினோம். இந்த இரண்டாவது கோணம் இல்லாத வீடியோவைப் பார்த்துவிட்டுத் தட்டு முறையைப் பின்பற்றுகிறவர்கள், கால் பங்கைத் தாண்டாமலேயே பழைய அளவுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்க முடியும்.

சோற்றுப் பகுதிக்குச் சிவப்பு வண்ணம் கொடுப்பது வழக்கம். அதை வேண்டாம் என்றோம். சிவப்பு என்றால் ஆபத்து என்று கண் படித்துவிடும். சோறு ஆபத்து இல்லை. பாட்டியும் பேத்தியும் அதே பானைச் சோற்றைத்தான் சாப்பிடுகிறார்கள். காய்க்குப் பச்சை, புரதத்துக்கு மஞ்சள், சோற்றுக்கு வெள்ளை. போதும்.

இப்போது பாதித் தட்டுக்கு வருவோம். தட்டு முறை தோற்கும் வீடுகளில் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறது. சோற்றைக் குறைப்பது எளிது. குறைத்த இடத்தை நிரப்புவதுதான் கஷ்டம். நம் வீட்டில் பொரியல் என்பது தொட்டுக்கொள்ள. இரண்டு கரண்டி வைத்தால் தாராளம். பாதித் தட்டு என்றால் ஆளுக்கு 150 முதல் 200 கிராம் காய் வேண்டும். நான்கு பேருக்கு 700 கிராம் காய் என்று வைத்துக்கொண்டால், அதை வாங்க வேண்டும், கழுவ வேண்டும், ஒருவர் உட்கார்ந்து நறுக்க வேண்டும். இந்த வேலையைக் காட்டாமல் பாதித் தட்டைப் பச்சையாக வண்ணம் தீட்டிவிட்டுப் போகும் வீடியோ, அந்த வீட்டில் சமைக்கிறவரை மறந்துவிட்ட வீடியோ.

அன்றைய சமையலை அப்படியே சொல்கிறேன். அரைக் கிலோ அவரைக்காய்ப் பொரியல். ஒரு கட்டு அரைக்கீரை மசியல். கீரை வெந்தால் சுருங்கிவிடும் என்பதால் ஒரு கட்டு நான்கு பேருக்குக் கொஞ்சம்தான் வரும். இரண்டு முள்ளங்கி சாம்பாரில். இரண்டு வெள்ளரிக்காயை நறுக்கி உப்பும் மிளகும் தூவி வைத்தது. இந்த வெள்ளரிக்காய்தான் அன்று காப்பாற்றியது. சமைக்க வேண்டாம், நறுக்கினால் போதும், பாதித் தட்டில் நல்ல இடத்தை அடைத்துக்கொள்ளும். முந்தின நாள் இரவே டி.வி. பார்த்துக்கொண்டு அவரைக்காயை ஆய்ந்தது அப்பாதான். அதையும் வீடியோவில் வைத்தோம்.

எந்தக் காய் பாதித் தட்டுக்கு, எது சோற்றின் பங்குக்கு என்பதில் நிறைய வீடுகளில் ஒரு தடுமாற்றம் இருக்கிறது. உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, சேனை, கருணை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, வாழைக்காய் எல்லாம் காய்கறிக் கடையில் வாங்கினாலும் மாவுச்சத்துப் பொருட்கள். உருளைக்கிழங்கு வறுவல் வைத்தால் அது கிண்ணத்துச் சோற்றில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். மற்றபடி அவரை, பீன்ஸ், கோவைக்காய், புடலை, பீர்க்கை, சுரை, வெண்டை, கத்தரி, முட்டைக்கோஸ், வாழைப்பூ, வாழைத்தண்டு, கீரைகள் தாராளம். இனிக்கிறதே என்று கேரட்டையும் பீட்ரூட்டையும் ஒதுக்குகிறவர்கள் உண்டு. பொரியலாகச் சாப்பிடும் அளவில் அவை பாதித் தட்டிலேயே இருக்கலாம்.

பாதித் தட்டு நிரம்பவில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நேரம் இருக்கிறது: மாலை 4 மணி. சோற்றை மட்டும் குறைத்து, காயையும் புரதத்தையும் கூட்டாத மனிதருக்கு அப்போது கடும் பசி எடுக்கும். டீயோடு இரண்டு பஜ்ஜி, இல்லையென்றால் ஒரு கை முறுக்கு. மதியம் மிச்சப்படுத்திய மாவுச்சத்து எண்ணெயோடு சேர்ந்து திரும்பி வந்துவிடும். “கட்டுப்பாடா இருந்தும் சர்க்கரை குறையல” என்று சொல்கிறவரிடம், மதியம் சோறு எவ்வளவு என்று கேட்பதை விட நாலு மணிக்கு என்ன சாப்பிட்டார் என்று கேட்பது பயன் தரும் என்கிறார் தோழி.

புரதத்தின் கால் பங்குக்குச் சாம்பார் போதும் என்பது பரவலான நம்பிக்கை. அன்று சாம்பாருக்குப் போட்டது 100 கிராம் துவரம்பருப்பு. நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 25 கிராம் பருப்பு, அதில் புரதம் 5 கிராம் சொச்சம். தண்ணீராக வைத்தால் இன்னும் குறையும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. 100 கிராம் மீனில் 20 கிராம் வரை இருக்கும். சைவச் சாப்பாட்டில் கால் தட்டு நிஜமாகவே நிரம்ப வேண்டுமானால் சாம்பாரோடு இன்னொன்று தட்டில் திடமாக உட்கார வேண்டும்: சுண்டல், கெட்டிப் பருப்பு, பாசிப்பயறு, பனீர், சோயா என்று ஏதாவது ஒன்று. படத்தில் 150 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை முந்தின இரவு ஊறவைத்துத் தாளித்தோம். ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம், சுமார் 7 கிராம் புரதம். அப்பாவுக்குக் கூடவே ஒரு அவித்த முட்டை. சாம்பார், சுண்டல், முட்டை, மோர் நான்கும் சேர்ந்து 20 கிராம் பக்கம் வந்துவிட்டது. சுண்டலிலும் பருப்பிலும் மாவுச்சத்து உண்டுதான். ஆனால் நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்திருப்பதால் வெள்ளைச் சோறு போல அது வேகமாகச் சர்க்கரையை ஏற்றாது. அதனால்தான் அதற்குத் தட்டில் தனி இடம்.

இந்தியர்களின் உணவைப் பற்றிய பெரிய ஆய்வும் இதையே காட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நடத்திய இன்டியாப் ஆய்வில், நாம் சாப்பிடும் கலோரியில் 60 விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருவது தெரிந்தது. அதே ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் சர்க்கரை நோயுள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். சோற்றைக் குறை என்று சொல்வதோடு பருப்பைக் கூட்டு என்றும் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

சாப்பிடும் வரிசைக்கும் ஒரு நிமிடம் ஒதுக்கினோம். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று நியூயார்க் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் 2015-இல் காட்டினார்கள். அதில் இருந்தவர்கள் 11 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனால் செய்து பார்ப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. நம் வீட்டில் இதற்கு வழி சுலபம். தட்டு போட்டதும் முதலில் வெள்ளரிக்காய், பொரியல், சுண்டல் மட்டும் வைப்பது. அதில் பாதி தீர்ந்த பிறகு சோற்றுக் கிண்ணத்தைக் கொண்டுவருவது. பொரியல் இல்லாமல் சாம்பார் சோறு எப்படி இறங்கும் என்று பாட்டி கேட்டார். மீதிப் பாதிப் பொரியல் அதற்குத்தான்.

கேழ்வரகு, சாமை, வரகு, சப்பாத்தி பற்றிச் சுருக்கமாகச் சொன்னோம்: அவை எல்லாம் அந்தக் கால் தட்டுக்குள்தான். 30 கிராம் கோதுமை மாவில் தட்டிய ஒரு சப்பாத்தியில் 20 கிராம் மாவுச்சத்து இருக்கும். மூன்று சப்பாத்தி சாப்பிட்டால் அப்பாவின் சோற்றுக் கிண்ணத்தை விட அதிகம். நைசாக அரைத்த கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி, சிறுதானியம் என்ற பெயரில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றக்கூடியது.

பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. இந்த நோய் பற்றிய வீடியோக்களில் அழுகிய கால், டயாலிசிஸ் படுக்கை, பயமுறுத்தும் இசை எல்லாம் வரும். அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் பட்டினி கிடந்து எட்டாம் நாள் விட்டுவிடுகிறவர்களை எனக்கே தெரியும். எங்கள் வீடியோவில் யாரும் நோயாளியைப் பார்த்துப் பேசவில்லை, பரிமாறுகிறவரிடம் பேசினோம். ஏனென்றால் நம் வீடுகளில் அன்பு வந்து விழும் இடம் தட்டுதான். “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க” என்று சொல்லாமல் ஒரு மனைவியால், ஓர் அம்மாவால் இருக்க முடியாது. அதை நிறுத்தச் சொன்னால் வீடு மருத்துவமனை ஆகிவிடும்.

அதனால் அந்த உபசரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, கரண்டி போகும் பாத்திரத்தை மட்டும் மாற்றினோம். வீடியோவில் வரும் காட்சி இது. அப்பா சோற்றுக் கிண்ணத்தை முடித்துவிட்டு நிமிர்கிறார்.

“இன்னும் கொஞ்சம் அவரைக்காய் வைக்கட்டுமா?”

“வை. அந்தச் சுண்டலும் கொஞ்சம் போடு.”

“ரசம் குடிக்கிறீங்களா, டம்ளர்ல தரேன்.”

அவ்வளவுதான். “உங்களுக்குத்தான் ஆகாதே” என்று யாரும் சொல்லவில்லை. மகள் தன் தட்டில் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்கிறாள். அவளை யாரும் தடுக்கவில்லை. அவளுக்குச் சர்க்கரை இல்லை, ஓடியாடும் வயது. ஆனால் அவள் தட்டிலும் காய் பாதி இருக்கிறது. அப்பாவுக்கென்று தனிச் சமையல் கிடையாது. ஒரே அடுப்பு, ஒரே பொரியல். மாறுவது சோற்றின் பங்கு மட்டும். ரசத்தை எங்கே ஊற்றுவது என்று கேட்ட அம்மாவுக்கும் இதுதான் பதில். பாதி டம்ளரில், பாதி கிண்ணத்தில் மிச்சம் வைத்த சோற்றின் மேல்.

ஒரு எச்சரிக்கையை வீடியோவின் தொடக்கத்திலேயே வைக்க வேண்டும் என்று தோழி பிடிவாதமாக இருந்தார். கடைசியில் சிறிய எழுத்தில் ஓடவிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சோற்றை ஒரேயடியாக மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கக் கூடாது. அந்த மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குத் தீர்மானித்தது. சாப்பாடு குறைந்து மருந்து குறையாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, தெளிவில்லாத பேச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும். இந்த மருந்துகளில் இருப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, 450 கிராமிலிருந்து 300, பிறகு 200 என்று வாரக் கணக்கில் இறங்குவது நல்லது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் புரதத்தின் அளவு வேறு. சுண்டலும் முட்டையும் கூட்டுவதற்கு முன் அவர்களும் கேட்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குத் தனித் திட்டம் உண்டு. கொத்து வேலை, வயல் வேலை என்று உடல் உழைப்பு உள்ளவருக்கு 150 கிராம் சோறு காணாது. அவருடைய கிண்ணம் பெரிதாகத்தான் இருக்கும்.

எந்தக் கிண்ணம் யாருக்குச் சரி என்பதைச் சொல்லக் கூடியது குளுக்கோமீட்டர். சாப்பிட உட்காரும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை விரலில் குத்திப் பார்ப்பது. பொதுவாக இரண்டாவது எண் 180-க்குள் இருக்க வேண்டும் என்பது பலருக்கும் வைக்கும் இலக்கு. வயதானவர்களுக்கு மருத்துவர் இதைத் தளர்த்துவார். முக்கியமானது இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளி. பழைய சாப்பாட்டில் 130 என்பது 230 ஆகிறது, கிண்ணச் சோற்றில் 130 என்பது 170-இல் நிற்கிறது என்றால் கிண்ணம் வேலை செய்கிறது. கிண்ணம் சரியாக இருந்தும் இடைவெளி பெரிதாகவே இருந்தால் உருளைக்கிழங்கையும் அப்பளத்தையும் பார்க்க வேண்டும், சாப்பாட்டோடு வந்த ஜூஸைப் பார்க்க வேண்டும். சாப்பிடும் முன்பே எண் 200 இருந்தால் அது அந்த வேளைச் சோற்றின் தவறில்லை. மருந்து, தூக்கம், முந்தின வேளை என்று வேறெங்கோ தேட வேண்டும்.

வீடியோவின் கடைசியில் ஒரு வெற்றுத் தாள் வருகிறது. தேதி, சோறு எத்தனை கிண்ணம், என்ன காய், என்ன புரதம், முன் எண், பின் எண் என்று ஆறு கட்டங்கள். தினமும் குத்திக்கொள்ளத் தேவையில்லை. வாரத்தில் இரண்டு மதியம் போதும், அதுவும் வெவ்வேறு சமையல் நாட்களில். இரண்டு வாரம் நிரப்பிய அந்தத் தாளை அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கையில் எடுத்துப் போகச் சொல்கிறோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒன்றை மட்டும் வைத்து மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று யோசிக்கும் மருத்துவருக்கு, எவ்வளவு சோற்றுக்கு எவ்வளவு ஏறுகிறது என்ற கணக்கு அதில் இருக்கும்.